பதினைந்து வயதில் பதிந்த பாட்டு

மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோய், புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியையும் அதைச் சூழ்ந்த இடத்தையும் முதலில் தாக்குவதால், காலையில் களி உண்டதை மறந்துவிடும் முதியவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட பாடலின் அடுத்த அடியைத் தாமே எடுத்துப் பாடுவது உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நெடுங்காலம் பழகிய பாடல்களைக் கேட்கும்போது இயங்கும் பகுதிகள் மூளையின் முன்பாதியில், நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதையும், அல்சைமர் நோயில் அவை மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே சுருங்குவதையும் காட்டியது.

ஆனால் அவரை அமைதிப்படுத்த எல்லாப் பாட்டும் உதவிவிடாது. மனிதர் தம் வாழ்க்கையிலிருந்து நினைவுகூர்பவற்றுள் ஏறக்குறைய பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரையிலான காலத்தைச் சேர்ந்தவை அளவுக்கு மீறி மிகுந்திருப்பதை உளவியலாளர்கள் கண்டறிந்து, வரைபடத்தில் அது மேடாகத் தெரிவதால் ‘நினைவு மேடு’ என்ற பொருளில் பெயரிட்டுள்ளனர். ஆகவே பாடலைத் தேர்வது முதலில் ஒரு கணக்கு. 1945இல் பிறந்த ஒரு பெண்மணிக்கு அந்த மேடு 1960க்கும் 1970க்கும் இடையில் விழுகிறது. ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ ஆகிய படங்கள் வெளிவந்த 1961ஆம் ஆண்டு அதற்குள் அடங்கும். பிள்ளைகளோ, தாம் சிறுவயதில் கேட்ட எண்பதுகளின் பாடல்களையே ‘பழைய பாட்டு’ என்று கருதிப் போட்டுவிடுகிறார்கள். அது அவர்களுடைய மேடு, தாயாருடையது அன்று.

கணக்கு முடிந்ததும் ஊரைப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் அக்காலத்துப் பாடல், திருமண வீட்டு ஒலிபெருக்கி வழியாகவும், டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் படம் தொடங்குமுன் வைக்கும் இசைத்தட்டு வழியாகவும், ஊராட்சி வானொலி வழியாகவும் காதில் விழுந்தது. கொட்டகைக்கே போகாத பெண்களுக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும்தான் இளமையின் இசை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்களும் இங்கு உள்ளனர் என்பதால், அம்மொழித் தாலாட்டு தமிழ்த் திரைப்பாட்டைவிட ஆழமாகப் பதிந்திருக்கலாம். தெருக்கூத்துப் பாட்டு நன்கு தெரிந்ததாகவே இருப்பினும், மத்தளமும் முகவீணையும் உரத்து ஒலிக்கும் அது இரவு முழுதும் நடக்கும் கூத்துக்கான இசை. அமைதிப்படுத்த அது உதவாது. ஒப்பாரியைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது நேரம். மாலை மங்கும்போது அமைதியிழந்து, தம் சொந்த வீட்டில் இருந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு நடப்பது இந்நோயில் பரவலாகக் காணப்படுகிறது. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா கெர்ட்னர், ஒவ்வொருவருக்கும் உரிய இசையைப் பதற்றம் உச்சத்துக்கு ஏறுமுன் அரைமணி நேரம் ஒலிக்கச் செய்து சோதித்தபோது, பொதுவான மெல்லிசையைவிட அது பதற்றத்தை மிகுதியாகக் குறைத்ததைக் கண்டார். மேற்சொன்ன பெண்மணி ஆறு மணிவாக்கில் எழுந்து நடக்கத் தொடங்குபவரானால், ஐந்தரைக்கே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பாட்டை வைக்க வேண்டும். பதறிய பின் வைத்தால் அது மேலும் ஓர் இரைச்சலாகிவிடும்.

மூல ஒலிப்பதிவுதான் வேண்டும். குரலும் வாத்தியமும் சேர்ந்தே நினைவில் பதிந்திருப்பதால், புதுக்குரலில் மீண்டும் பாடப்பட்டவை அந்நியமாகவே படும். கைப்பேசியின் கீச்சொலி தளர்ந்த செவிக்குத் தெளிவாக எட்டாது. சிறிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நடுவில் விளம்பரம் அலறாதபடி பாடல்களை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது ஏற்றது. விரல் தாளமிடுவதும், உதடு அசைவதும், தோள் தளர்வதும் பாட்டு சேர்ந்ததற்கு அடையாளம். புருவம் சுருங்குதல், புடவைத் தலைப்பை இறுகப் பற்றுதல், அடங்காத அழுகை ஆகியவை தோன்றினால், அப்பாட்டு ஏதோ ஓர் இழப்பைத் தொட்டிருக்கக்கூடும். உடனே நிறுத்திப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இசை நோயை நிறுத்துவதில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, இசை வழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்றும், அறிவாற்றலில் மாற்றம் சிறிதே அல்லது இல்லை என்றும் கூறியது. சில நாள்களுக்குள் திடீரெனக் கூடும் குழப்பத்துக்குச் சிறுநீர்த்தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். அதற்கு வேண்டியது பாட்டு அன்று, மருத்துவர்.

எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய காலம் நோயின் தொடக்கம் மட்டுமே. அது கடந்துவிட்டிருந்தால், அவருடன் நாற்று நட்ட தோழியரையும் உடன்பிறந்தோரையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.