ஃபோனில் 2.4-ஆ, 5-ஆ... எந்த வைஃபையை எப்போ போடணும்? ஸ்பீடு கம்மியானது ஏன் தூரமா போகுது?

ரூட்டர் ஒண்ணுதான். ஆனா ஃபோனில் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் வாலில் மட்டும் "5G" என்று இருக்கும். இது சிம் கார்டின் 5ஜி நெட்வொர்க் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் சுருக்கம். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ்.

திருப்பூர் அருகே விசைத்தறிகள் நிறைந்த மங்கலத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரூட்டர் முன்னறையில். பின்னால் இரண்டு செங்கல் சுவர் தாண்டி தறிக்கூடம். முன்னறையில் 5-ல் வீடியோ பறக்கும். தறிக்கூடத்துக்குப் போனதும் ஒரே ஒரு கோடு. துணி ஃபோட்டோ அனுப்பினா சுத்திக்கிட்டே இருக்கும். 2.4-க்கு மாற்றினால் ஃபோட்டோ போய்விடும்.

என்ன காரணம்?

2.4-ன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. 5-க்கு அதில் பாதிதான். அலை சிறுசானால் அதைப் பிடிக்கும் ஆன்டெனாவும் சிறுசு. அதனால் அதே தூரத்தில் ஃபோனுக்குக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதோடு செங்கல், கான்கிரீட் சுவர்கள் 5-ஐ அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு சுவருக்கும் இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும்.

அப்போ 2.4 ஏன் ஸ்லோ?

அது குறுகலான ரோடு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே ரோட்டில்தான் ஓடுகின்றன. அதனால்தான் கோடு முழுசா இருந்தும் சில நேரம் வேகம் வராது. 5-ல் சேனல்கள் அதிகம், அகலமும் அதிகம்.

எதைத் தேர்வு செய்வது?

ரூட்டர் இருக்கும் அறையிலோ, ஒரு சுவர் தள்ளியோ இருந்தால் 5. இரண்டு சுவர் தாண்டிவிட்டால் 2.4. சந்தேகம் இருந்தால் உட்காரும் இடத்திலேயே இரண்டிலும் ஒரே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். கோட்டை நம்ப வேண்டாம். வீடியோ நிற்காமல் ஓடுவதுதான் கணக்கு.

இன்னொரு சிக்கல், முன்னறையில் 5-ல் சேர்ந்த ஃபோன், பின்னால் போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது. அப்போது வைஃபையை ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணி 2.4 பெயரைத் தொடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ஃபோனும் ரூட்டரும்தான் முடிவு செய்யும். ரூட்டர் செட்டிங்கில் தனித்தனி பெயர் வைத்தால் தேர்வு உங்கள் கையில். எதில் இருக்கிறீர்கள் என்பது பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் வைஃபை பெயரைத் தொட்டால் 2.4 GHz அல்லது 5 GHz என்று தெரியும்.

இரும்பு ஷட்டரோ தகரச் சுவரோ குறுக்கே இருந்தால் கதை வேற. உலோகம் இரண்டு அலையையும் திருப்பி அடிக்கும். இடுக்கு வழியாக வருவதுதான் மிச்சம். அங்கே பேண்டை மாற்றிப் பயனில்லை. தறிக்கூடத்துக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கேயே இன்னொரு ரூட்டர் வைப்பதுதான் வழி.