இருகட்ட மாதிரியெடுப்பு

இருகட்ட மாதிரியெடுப்பு என்பது முதலில் குழுக்களையும், பின்னர் தேர்வான குழுக்களுக்குள் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் புள்ளியியல் முறையாகும். கல்வி ஆய்வுகளில் குழு என்பது பள்ளி. உறுப்பினர் என்பது மாணவர். மாநிலத்தின் எல்லா மாணவர்களுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல் கிடைப்பது அரிது. பள்ளிகளின் பட்டியலோ கிடைக்கும்.

பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டம் (பீசா) இம்முறையைப் பின்பற்றுகிறது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2010இல் அதன் 2009+ சுற்றில் பங்கேற்றன. அச்சுற்றில் பள்ளிக்கு வழக்கமாக 35 மாணவர்கள் என்பது இலக்காக இருந்தது.

கணக்கிடும் முறை

கீழுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. ஒரு மாநிலத்தில் 15 வயது மாணவர்கள் 12,00,000 பேர். தேர்ந்தெடுக்க வேண்டிய பள்ளிகள் 150. பள்ளிகளை வரிசைப்படுத்தி, மாணவர் எண்ணிக்கையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். 12,00,000ஐ 150ஆல் வகுத்தால் இடைவெளி 8,000. முதல் 8,000க்குள் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு 8,000ஆவது மாணவரும் எப்பள்ளியில் விழுகிறாரோ அப்பள்ளி தேர்வாகும். பெரிய பள்ளிக்கு வாய்ப்பு மிகுதி என்பது இதனால் தானாகவே அமைகிறது.

வெம்பாக்கத்தில் இத்தகைய 140 மாணவர்கள் கொண்ட ஒரு பள்ளி இருப்பதாகக் கொள்வோம். அது தேர்வாகும் நிகழ்தகவு 140/8,000. தேர்வானபின் அதன் ஒரு மாணவர் தேர்வாகும் நிகழ்தகவு 35/140. இரண்டையும் பெருக்க வேண்டும்:

(140/8000) × (35/140) = 35/8000 = 0.004375

140 அடிபட்டுப்போவதைக் கவனிக்கவும். 70 மாணவர்கள் கொண்ட பள்ளியிலும் விடை இதுவே. இதன் தலைகீழ், அதாவது சுமார் 229, அம்மாணவரின் எடை எனப்படும். தேர்வான ஒருவர் அத்தனை மாணவர்களின் சார்பில் நிற்கிறார்.

20 மாணவர்களே உள்ள பள்ளியில் 35 பேரை எடுக்க இயலாது. அனைவரையும் எடுத்தால் நிகழ்தகவு 20/8,000 மட்டுமே. எனவே பீசாவில் இத்தகைய பள்ளிகளின் அளவை, பட்டியலில் 35 எனவே கொள்வது வழக்கம்.

பிழைகள்

பழைய பட்டியலே பெருந்தொல்லை. பட்டியலில் 70 எனக் குறித்த பள்ளியில் உண்மையில் 140 பேர் இருந்தால், நிகழ்தகவு (70/8000) × (35/140) = 0.0021875, எடை சுமார் 457 ஆகிவிடும். இதை 229 என்றே வைத்துக்கொண்டால் வளர்ந்துவரும் பள்ளிகளின் மாணவர்கள் முடிவில் பாதியாகவே எண்ணப்படுவர். எல்லா எடைகளையும் கூட்டிப் பார்த்தால், அது மாநிலத்தின் மொத்த மாணவர் எண்ணிக்கையை நெருங்க வேண்டும். வெகுவாக விலகினால் எங்கோ பிழை இருக்கிறது.

எல்லோருக்கும் நிகழ்தகவு சமமாக இருப்பினும் இது எளிய குருட்டாம்போக்குத் தேர்வு ஆகாது. ஒரே பள்ளியின் இருவர் சேர்ந்து தேர்வாகும் நிகழ்தகவு (140/8000) × (35/140) × (34/139), அதாவது சுமார் 0.00107. தனித்தனி நிகழ்வுகளாகப் பெருக்கினால் வருவதோ சுமார் 0.000019. ஒரே ஆசிரியரிடம் பயின்றோரின் மதிப்பெண்கள் ஒத்திருப்பதால், 35 பேர் தரும் செய்தி வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த 35 பேர் தருவதைவிடக் குறைவு.