ஒன்பதாம் நாள்

"நீ குடுத்த மருந்து வேலைக்காகலடி. இவ தலையில மறுபடியும் பேன் ஊருது" என்று அக்கா போனில் சொன்னாள். நான் மருந்தாளுநர். மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு இந்தப் புகார் புதிதில்லை. பேன் மருந்து வாங்கிப்போகும் தாய்மார்களில் பலர் ஒரு வாரம் கழித்துக் காலி பாட்டிலோடு வந்து இதையேதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் தலையை நான் பார்க்க முடியாது. அக்கா மகள் தலையைப் பார்க்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிளம்பிப் போனேன். முதல்முறை மருந்து போட்டுச் சரியாக ஏழு நாள் ஆகியிருந்தது.

பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு, இடுப்பு வரை முடி. வெயில் விழும் திண்ணையில் உட்காரவைத்து, மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, முடியை ஈரமாக்கிக் கண்டிஷனர் தடவிப் பேன் சீப்பால் வாரினேன். ஈரத்தில் பேன் ஓடாது, கண்டிஷனர் இருந்தால் சீப்பு சிக்காது. ஒவ்வொரு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துண்டில் துடைத்தேன். அரை மணி நேரத்தில் துண்டில் 11 பேன். ஒன்றுகூட எள் அளவு இல்லை. சிலது குண்டூசித் தலை அளவு, சிலது அதைவிடச் சற்றுப் பெரியது.

அதைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மருந்து தோற்கவில்லை என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி. வளர்ந்த பேன் எள் அளவு இருக்கும். அவை அத்தனையும் போன ஞாயிறே செத்துவிட்டன. இப்போது ஊர்பவை அதற்குப் பிறகு ஈரிலிருந்து பொரித்து வந்தவை.

நம் கடைகளில் அதிகம் விற்கும் பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன் ஊர்ந்து திரியும் பேனின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். ஈருக்குள் இருக்கும் கருவை முழுதாகக் கொல்லாது. நரம்பு உருவாகாத கருவிடம் நரம்பு மருந்துக்கு வேலை இல்லை. அதனால்தான் இரண்டாம் முறை. முதல்முறை போட்டது போதவில்லை என்பதற்காகப் போடுவதல்ல அது. முதல்முறையில் பிறந்திராத பேன்களுக்காகப் போடுவது.

"அப்ப இன்னைக்கே போட்டுடலாமே" என்றாள் அக்கா. வேண்டாம், செவ்வாய்க்கிழமை போடலாம் என்றேன். ஈர் பொரிக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். முதல் மருந்துக்கு முந்தின நாள் வைத்த ஈர் அடுத்த திங்களோ செவ்வாயோதான் பொரிக்கும். இன்றே போட்டால் அது தப்பிவிடும். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. பொரித்த பேன் வளர்ந்து தானும் ஈர் வைக்க ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் போதும். முதல் மருந்துக்கு மறுநாளே பொரித்தது பத்தாம் நாளுக்குப் பிறகு ஈர் வைக்க ஆரம்பித்துவிடலாம். ஆக, பழைய ஈர் ஏறக்குறைய எல்லாம் பொரித்து, புது ஈர் இன்னும் விழாத இடைவெளி ஒன்று இருக்கிறது. அது ஒன்பதாம் நாளை ஒட்டி வருகிறது. ஞாயிறு போட்டால் அடுத்த வாரச் செவ்வாய். மூன்றாம் நாளே பயந்து போடுகிறவர்களும், மறந்துபோய்ப் பதினைந்தாம் நாள் போடுகிறவர்களும் மருந்து கேட்கவில்லை என்று வருவது இதனால்தான்.

இரண்டாம் முறை போடும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். நம் வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் போடுகிற விதத்தில்தான். எண்ணெய்த் தலையில் மருந்து ஒட்டாது. சாதாரண ஷாம்பு போட்டு அலசவேண்டும். கண்டிஷனர் கூடாது, அது முடியின் மேல் படிந்து மருந்தைத் தடுக்கும். வாரிப் பார்க்கத் தடவியதும் மிச்சமில்லாமல் போகவேண்டும். அலசியபின் துண்டால் நன்றாகத் துவட்டவேண்டும். சொட்டச் சொட்ட ஈரமிருந்தால் மருந்து நீர்த்துப்போகும். அதன்பின் உச்சந்தலையில் ஊற்றித் தேய்த்தால் போதாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் பேன் அதிகம் குடியிருக்கும். அங்கிருந்து ஆரம்பித்து, தலைத்தோல் நனையும்படி வகிடுவகிடாகத் தடவி, நுனிவரை இழுத்துவிட வேண்டும். இடுப்பளவு முடிக்கு 60 மில்லி பாட்டில் ஒன்று காணவில்லை, இரண்டாவதையும் திறந்தோம். கண்ணில் மடித்த துணியை வைத்துக்கொள்ளச் சொல்லி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். இராத்திரி முழுக்க விட்டால் அதிகம் சாகும் என்று நினைக்கவேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். குளிக்கவைத்து உடம்பெல்லாம் வழியவிடாமல், குனியவைத்துத் தலையை மட்டும் அலசினோம். பிறகு இரண்டு நாள் ஷாம்பு போடவில்லை.

மருந்துக்கே பேன் சாகாத நிலையும் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. பெர்மெத்ரினைத் தாங்கும் பேன்கள் பல நாடுகளில் பெருகியிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் காத்திருக்கவேண்டாம். போட்ட எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வாரிப் பாருங்கள். ஒன்றிரண்டு மெதுவாக நகர்ந்தால் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, அவற்றைச் சீப்பால் எடுத்துவிட்டால் போதும். சிறிதும் பெரிதுமாக எல்லா அளவிலும் முன்போலவே ஓடினால், அந்த மருந்தையே திரும்பத் திரும்பப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் போன்ற வேறு மருந்து தருவார். மாத்திரை என்றால் எடை பார்த்துத்தான் தருவார்கள், 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை. மண்ணெண்ணெயும் கற்பூரம் கரைத்த எண்ணெயும் வேண்டவே வேண்டாம். ஒன்று தீப்பிடிக்கும், மற்றொன்று பிள்ளைக்கு வலிப்பு வரவைக்கும்.

அக்காவைக் கலங்கவைத்த இன்னொன்று ஈர். "இவ்வளவு ஈர் இருக்கே" என்று ஒரு முடியைப் பிடித்துக் காட்டினாள். தோலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேன் ஈர் வைப்பது முடியின் அடியில், தோலின் சூடு படும் இடத்தில். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்து அதை வெளியே தள்ளும். இரண்டு அங்குலம் தள்ளியிருப்பது சில மாதங்களுக்கு முன் பொரித்துப்போன வெறும் கூடு. உயிருள்ள ஈர் பழுப்பாக, தோலுக்குக் கால் அங்குலத்துக்குள் இருக்கும். கூடு இருக்கிறது என்பதற்காக மருந்து போடவேண்டாம், அரிப்பு இருக்கிறது என்பதற்காகவும் வேண்டாம். அரிப்பு பேனின் எச்சில் கிளப்பிய ஒவ்வாமை. பேன் எல்லாம் செத்தபிறகும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். ஊரும் பேனைக் கண்ணால் பார்த்தால்தான் மருந்து.

அந்த ஞாயிறன்றே அக்கா தலையையும் வாரிப் பார்த்தேன். இரண்டு பேன், இரண்டும் எள் அளவு. தாயும் மகளும் ஒரே பாயில் படுக்கிறவர்கள். முதல்முறை மகளுக்கு மட்டும் போட்டு விட்டுவிட்டாள். கொஞ்சநாள் சுத்தமாக இருந்த தலையில் குஞ்சே இல்லாமல் திடீரென்று பெரிய பேன் மட்டும் தென்பட்டால், அது பக்கத்துத் தலையிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால் நடந்து ஏறும். தலையைவிட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். எனவே வீட்டைக் கழுவித் தள்ளவில்லை. தலையணை உறையையும் துண்டையும் மட்டும் வெந்நீரில் துவைத்தோம்.

அக்காவுக்கு அன்று இரவே முதல்முறை போட்டோம். அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டு செவ்வாய்க்கிழமைகளைச் சுற்றி வட்டம் போட்டேன். வருகிற செவ்வாய் மகளுக்கு, அதற்கடுத்த செவ்வாய் அம்மாவுக்கு.