அறுபதடி தூரத்து முகம்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் ஒரு பால்கோவாக் கடை. கடையைத் தொடங்கிய தாத்தாவின் முகத்தைப் பெயர்ப்பலகையில் பெரிதாக வரையவேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். இப்படி ஒரு வேலை வந்தால் பேனர் ஓவியர் என்ன செய்வார்?

முதலில் கட்டம் போடுவார். படத்தின் அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45. அதை 5 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 7க்கு 9, மொத்தம் 63 கட்டங்கள். வீட்டாரிடம் இருக்கும் ஒரே படத்தில் கோடு கிழிக்க மனம் வராது. ஜெராக்ஸ் எடுத்து அதில் போட்டுக்கொள்ளலாம். ரெட் ஆக்ஸைடு பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளை அடித்த தகரத்தில் அதே 63 கட்டங்கள் அரையடிக்கு அரையடியாக விழும். பலகை மூன்றரை அடி அகலம், நாலரை அடி உயரம். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்து வரைவார். அப்போது அவர் கண்ணுக்கு மூக்கும் வாயும் இல்லை, வளைவுகள்தான்.

இங்கே உருவம் முப்பது மடங்கு பெரிதாகிறது. படத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பலகையில் ஓர் அங்குலத்துக்கு மேல் தவறும். கண் அந்த அளவு நகர்ந்தால் அது வேறு யாரோ ஒருவருடைய முகம். அதனால் கண், மூக்கு நுனி, வாயோரம் வரும் கட்டங்களில் மூலைக்கு மூலை கோடிட்டு இன்னும் சிறிதாகப் பிரித்துக்கொள்வார்கள்.

கோடு சரியாக வந்தாலும் முகம் வந்துவிடாது. ஸ்டுடியோ ஃப்ளாஷ் நேராக அடித்த படத்தில் நிழலே இருக்காது. முகம் தட்டையாகக் கிடக்கும். எனவே ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஓவியர் தாமே முடிவு செய்கிறார். வலப்பக்கம் என்றால் மூக்கின் நிழல், கீழுதட்டின் அடி, தாடைக்குக் கீழே விழும் நிழல் எல்லாமே இடப்பக்கம் சாயவேண்டும். ஒன்று மாறினாலும் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். பிறகு கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்ப்பார். நுணுக்கங்கள் கரைந்து வெளிச்சம், நடு, நிழல் என மூன்று திட்டுகள் மிஞ்சும். அந்த மூன்றையும்தான் அகலத் தூரிகையால் வைக்கிறார்.

இப்படிக் கழித்துக் கட்டுவதற்குக் காரணம் தூரம். நல்ல பார்வையுள்ள கண்ணாலும் ஏறத்தாழ 3,400 பங்கு தூரத்துக்கு ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். தெருவின் எதிர்ப்பக்கம் அறுபதடியில் நிற்பவருக்கு அது சுமார் 5 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமாக வரைந்த இமை முடிகள் தனித்தனியாகத் தெரியாது, சாம்பல் பூச்சாகக் குழம்பிவிடும். இமையை ஒரே தடித்த கோடாகப் போட்டால் அங்கிருந்து இமையாகவே தெரியும்.

கன்னத்தில் நீலமும் பச்சையும் ஏன் என்று பலர் கேட்பார்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் தோல் கரி பிடித்ததுபோல் செத்துவிடும். முகத்தின் மேடு பள்ளத்தைக் கண் அறிவது பெரும்பாலும் வெளிச்ச அளவைக் கொண்டுதான். அந்த அளவு பொருந்தினால் நிழல் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கலாம், வெளிச்சம் மஞ்சளாக இருக்கலாம். சரிபார்க்க வழி எளிது: பலகையைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்தால் முகம் இயல்பாகத் தெரியவேண்டும். நீலத் திட்டு ஓட்டைபோல் தெரிந்தால் அது அளவுக்கு மேல் அடர்ந்துவிட்டது.

இந்தக் கண் பயிற்சிக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய வழி உண்டு. காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், பின்னர் கோவில்பட்டியில் தங்கினார். அவர் வரைந்ததும் சீடர்கள் வரைந்ததும் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. நாடகத் திரை கடைசி வரிசைக்காரருக்கும் தெரியவேண்டும். சினிமா பேனருக்கும் கடைப்பலகைக்கும் அதே கணக்குதான்.

சினிமா பேனர் துணியில், எண்ணெயில் குழைத்த வண்ணத்தில் எழுதப்பட்டது. எண்ணெய் மெதுவாகக் காயும், மறுநாளும் இழைத்துக்கொள்ளலாம். தகரப் பலகையில் பூசும் எனாமல் அப்படி விடாது. கன்னத்தின் வெளிச்சமும் நிழலும் சேரும் விளிம்பை ஈரம் இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் தடவிவிடவேண்டும். பாதி காய்ந்தபின் தொட்டால் தோலாக உரிந்து வரும். அதனால் முழு முகத்தையும் ஒரே மூச்சில் பூசாமல் நெற்றி, ஒரு கன்னம், மறு கன்னம் என்று பகுதி பகுதியாக முடிப்பார்கள்.

நடுவில் பலமுறை தெருவைக் கடந்துபோய்த் திரும்பிப் பார்க்கவேண்டும். பக்கத்திலேயே நின்று பழகிய கண்ணுக்குக் கோணல் தெரியாது. கண்ணாடியில் இடவலம் மாற்றிப் பார்த்தால் தாழ்ந்த கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் காய்ந்தபின் கடைசியாகக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. ஒளி வலப்பக்கம் என்று வைத்தோமே, அதனால் இரண்டு கண்ணிலும் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தில், சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரே தொடுதல். ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் தாத்தா மாறுகண்ணாகிவிடுவார்.