மருந்து வட்டுத் தட்டு: சிறுநீர்க் கல்ச்சர் சோதனை
கிராம் சாயம், 1884 · கிர்பி–பாயர் வட்டு முறை, 1966

இந்தத் தட்டில் வளர்ந்திருப்பது ஈ.கோலை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிராம் சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். மெக்கான்கி ஊடகத்தில் லாக்டோஸைப் புளிக்கவைத்து இளஞ்சிவப்புத் திட்டுகளாக வளரும்.

பிறகு முல்லர்-ஹின்டன் தட்டில் கிருமியைச் சீராகப் பூசி, மருந்து வட்டுகளைப் பதித்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்பட்டால் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும்.

இங்கே சிப்ரோஃப்ளாக்சசின் வளையம் 20 மி.மீ., நைட்ரோஃபுரான்டோயின் வளையம் 18 மி.மீ. ஆனாலும் அறிக்கையில் முன்னது ‘ஆர்’ (கட்டுப்படாது), பின்னது ‘எஸ்’ (கட்டுப்படும்). மருந்துக்கு மருந்து வரம்பு வேறு: ‘எஸ்’ பெற முன்னதற்கு 26, பின்னதற்கு 17 மி.மீ. வேண்டும். நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கே உதவும். தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டால் ‘எஸ்’ என்றிருந்தாலும் அதைத் தரமாட்டார்கள்.