எதிர் விளிம்பைத் தேடும் காற்று

காலி சோடா பாட்டிலின் வாயில் குறுக்கே ஊதி ‘பூம்’ என்ற ஒலியை எழுப்பிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. மேற்கத்தியப் புல்லாங்குழலின் முதல் சுரமும் அப்படித்தான் பிறக்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. இதற்கு அதெல்லாம் இல்லை. உதடுகளுக்கிடையே வரும் மெல்லிய காற்று, துளையைத் தாண்டி அதன் எதிர் விளிம்பில் மோதி, குழலுக்கு உள்ளும் வெளியும் மாறி மாறிச் சாய்கிறது. நொடிக்கு 440 முறை சாய்ந்தால் அது ‘ஏ’ சுரம்.

விளிம்பைத் தவறவிட்ட காற்று வெறும் ‘ஸ்ஸ்’தான்.

அதனால் பல ஆசிரியர்கள் முழுக் குழலையும் முதலில் கையில் கொடுப்பதில்லை. உதட்டுத்தட்டு பொருத்திய தலைப்பகுதியை மட்டும் தருவார்கள். அதன் திறந்த முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஊதினால் ஏறத்தாழ அந்த ‘ஏ’ வரும். கையை எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேலே போகும். இன்னும் எந்த விரலுக்கும் வேலையில்லை. கவனம் முழுக்க உதட்டில்தான்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முதல் முறை ஊதுவதாக வைத்துக்கொள்வோம். துளையின் அருகு விளிம்பைக் கீழுதட்டின் சிவப்பு முடியும் இடத்தில் வைக்கிறாள். துளையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உதடு மூடியிருக்கிறது. கன்னம் உப்ப, பலங்கொண்ட மட்டும் ஊதுகிறாள். வருவது இரைச்சலும் தலைசுற்றலும். உதட்டு இடைவெளி பெரிதாகிக் காற்று சிதறுவதே காரணம். ஒற்றை அரிசியை ‘தூ’வென்று துப்புவதுபோல உதட்டைக் குவித்தால் இடைவெளி தானாகச் சிறுக்கும். இது பழைய வகுப்பறை உத்தி.

அடுத்தது கோணம். முகத்துக்கு எதிரே உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்து, அதன் நடுவில் ஊத வேண்டும். கீழ்த்தாடையைச் சற்றே பின்னிழுத்தால் காற்று மணிக்கட்டை நோக்கி இறங்கும், முன்தள்ளினால் விரல்நுனியை நோக்கி ஏறும். தலைப்பகுதியை ஊதியபடி மெல்ல உருட்டினாலும் இதே மாற்றம்தான். உட்பக்கம் அதிகம் உருண்டால் ஒலி நெரிந்து சுருதி இறங்கும். வெளிப்பக்கம் உருண்டால் காற்றிரைச்சல் கூடிச் சுருதி ஏறும். இடையில் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒலி சட்டென்று தெளிவாகும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

காற்று போகும் திசையைக் கண்ணாலும் பார்க்கலாம். ஊதும்போது துளைக்கு அப்பால், உதட்டுத்தட்டின் மேல் ஈரமூச்சு முக்கோணமாகப் படியும். முக்கோணம் ஒருபக்கம் ஒதுங்கினால் காற்றும் ஒதுங்கிப் போகிறது என்று அர்த்தம். ஆனால் மேலுதட்டின் நடுவில் சிறு முனை தொங்குபவர்களுக்கு அது பிழையல்ல. அவர்களில் பலர் பக்கவாட்டில் ஊதியே தெளிவான ஒலி எடுக்கிறார்கள்.

ஒலி நிலைத்தபின் உடற்பகுதியைப் பொருத்தி, பெரும்பாலும் ‘பி’ சுரத்திலிருந்து தொடங்குவார்கள். அப்போது ஒலி மறுபடி காணாமல் போவது வழக்கம். குழலின் பாரத்தில் கைகள் அதை உட்பக்கம் உருட்டிவிடுகின்றன. சிறுமி மீண்டும் ஊதுவதை நிறுத்தி, கண்ணாடி முன் நின்று, துளையில் எவ்வளவு உதடு மூடியிருக்கிறது என்று பார்க்கிறாள்.