இரண்டு முடிவுகள் முரண்படும்போது: ஆன்டிஜென் கோடும் பி.சி.ஆர். அறிக்கையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தினர் வரவும் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இருமலோடு வந்து, ஐந்தருவியில் நீராடிவிட்டு ஊர் திரும்பினார். சில நாள்களில் வீட்டுத் தலைவருக்குத் தொண்டை கரகரத்தது. திங்கட்கிழமை காலையிலேயே பி.சி.ஆர். சோதனைக்குச் சளி மாதிரி கொடுத்தார். புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிஜென் கிட்டில் பார்த்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. அன்று மாலையே பி.சி.ஆர். அறிக்கையும் வந்தது. அதில் ‘தொற்று இல்லை’ என்றிருந்தது.

வீட்டார் நிம்மதியடைந்தனர். பி.சி.ஆர். பெரிய சோதனை, அதுவே இல்லை என்று சொல்லிவிட்டதால் கிட்தான் தவறு என்பது அவர்கள் முடிவு. மறுநாள் அவருடைய தாயாருக்கு டயாலிசிஸ் நாள். வழக்கம்போல் அவரே உடன் செல்வதாக இருந்தார். இந்த முடிவு ஏன் ஆபத்தானது என்பதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மாதிரி எடுத்த நாளே கணக்கு

அறிக்கை புதன்கிழமை வந்தாலும், அது பேசுவது திங்கட்கிழமைச் சளியைப் பற்றி மட்டுமே. கிட் காட்டியது புதன்கிழமை மூக்கில் இருந்ததை. இரண்டுக்கும் இடையே இரண்டு நாள்கள் உள்ளன. தொற்றின் தொடக்கத்தில் இரண்டு நாள்கள் என்பது மிக நீண்ட காலம். அதற்குள் வைரஸ் பல்லாயிரம் மடங்கு பெருகிவிடக்கூடும். ஆகவே இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று நேற்று முன்தினத்தின் செய்தி. மற்றொன்று இன்றைய செய்தி.

இவ்வட்டாரத்தார்க்கு இது புதிய பாடமன்று. 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து புளியரைச் சோதனைச் சாவடி வழியே வந்தோரிடம், தடுப்பூசிச் சான்று இல்லையெனில், 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். சான்று கேட்கப்பட்டது. அந்த நேர வரம்பின் பொருள் இதுதான்: ‘இல்லை’ என்னும் முடிவு விரைவில் பழையதாகிவிடும்.

எனவே அறிக்கையைக் கையில் வாங்கியதும், அறிக்கை வெளியான தேதிக்கு முன்னால் ‘மாதிரி சேகரித்த தேதி’ எனக் குறித்திருப்பதைத் தேடுங்கள். அந்தத் தேதியையே கிட் பார்த்த தேதியோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டு சோதனைகள், இரண்டு கேள்விகள்

ஆன்டிஜென் கிட் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. அதைப் பெருக்கிக் காட்டும் வழி அதனிடம் இல்லை. எனவே புரதம் நிறைய இருந்தால்தான் கோடு விழும். பி.சி.ஆர். வைரஸின் மரபணுப் பொருளைச் சுற்றுச் சுற்றாக இரட்டிப்பாக்கிப் பார்க்கிறது. மிகச் சிறிய அளவையும் அது கண்டுபிடித்துவிடும்.

இதனால் தொற்றின் முதல் ஓரிரு நாள்களில் பி.சி.ஆர். ‘உண்டு’ என்றும் கிட் ‘இல்லை’ என்றும் சொல்வது இயல்பு. நோய்க்குறிகள் தெளிவாகத் தெரியும் நாள்களில் பெரும்பாலும் இரண்டும் ‘உண்டு’ என்கின்றன. ஆனால் பி.சி.ஆர். மாதிரி மிக முன்னதாகவோ, பஞ்சுக்குச்சி சரியான ஆழம் செல்லாமலோ எடுக்கப்பட்டிருந்தால் அதுவும் தவறவிடும்.

நோய்க்குறி உள்ளவருக்கு ஆன்டிஜென் கோடு விழுந்தால் அதைத் தொற்று என்றே கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூனில் வெளியிட்ட முதல் ஆன்டிஜென் அறிவுரையிலேயே, ‘உண்டு’ என வந்தால் மறுசோதனை வேண்டாம், நோய்க்குறி இருந்தும் ‘இல்லை’ என வந்தால்தான் பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்று கூறியிருந்தது.

நம் எடுத்துக்காட்டில் வீட்டுத் தலைவர் அன்றிரவே டயாலிசிஸ் பிரிவுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். தாயாருடன் வேறொருவர் முகக்கவசம் அணிந்து சென்றார். தாயாரும் தொடர்பில் இருந்தவர் என்பதால் அவருக்கும் சோதனை செய்து, தனியிடத்தில் சிகிச்சை அளிக்கப்பட்டது. வியாழக்கிழமை மீண்டும் எடுத்த மகனின் பி.சி.ஆர். மாதிரியில் தொற்று உறுதியானது, சி.டி. மதிப்பு 19.

இந்த சி.டி., ஸ்கேன் அன்று. எத்தனை சுற்றுப் பெருக்கத்துக்குப் பின் வைரஸ் தென்பட்டது என்பதைச் சொல்லும் எண். எண் குறைவாக இருந்தால் வைரஸ் மிகுதி. ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால், 10 சுற்று வேறுபாடு என்பது ஏறக்குறைய 1000 மடங்கு வேறுபாடு. ஆயினும் ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நோயின் கடுமையையும் அந்த எண் காட்டாது.

நோய் இறங்கும் காலத்தில்

ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் கிட்டில் மங்கலான கோடு விழுந்தது. உரிய நேரத்துக்குள் தெரிந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ‘உண்டு’ என்றே பொருள். வைரஸ் குறைந்து வருகிறது, இன்னும் தீரவில்லை என்று அதைப் படிக்க வேண்டும். தாயாரின் அறைக்குள் செல்ல அவர் மேலும் காத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் கோடு விழவில்லை.

முப்பதாம் நாள், குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த பி.சி.ஆர். மீண்டும் ‘உண்டு’ என்றது, சி.டி. 35. குடும்பம் கலங்கியது. கிட்டோ ‘இல்லை’ என்றது. இங்கே பி.சி.ஆர். பொய் சொல்லவில்லை. வைரஸ் அழிந்த பின்னும் அதன் மரபணுத் துணுக்குகள் பல வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும் மூக்கில் தங்கக்கூடும். லேசான நோய் கண்டவர்களிடம் பத்து நாள்களுக்குப் பின் உயிருள்ள வைரஸ் கிடைப்பது அரிது. 2021 மே மாதத்தில் அதே ஆராய்ச்சிக் கழகம், ஒருமுறை தொற்று உறுதியானவருக்கு பி.சி.ஆர். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியதற்கு இந்த உண்மையும் துணை நிற்கிறது.

இவ்விதி எல்லோர்க்கும் பொருந்தாது. புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் உயிருள்ள வைரஸ் வாரக்கணக்கில் இருக்கலாம். அவர்களுக்கு நாள் கணக்கைக் கொண்டு வீட்டிலேயே முடிவு செய்யாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கோடு தவறாக விழுவது எப்போது?

நோய்க்குறியும் இல்லை, நோயாளியின் தொடர்பும் இல்லை. ஆயினும் கோடு விழுகிறது என்றால் அப்போது ஐயத்துக்கு இடமுண்டு. தொற்றில்லாத 100 பேரில் ஒருவருக்குக் கிட் தவறாகக் கோடு காட்டுவதாகவும், தொற்றுள்ள 100 பேரில் 60 பேரைக் கண்டுபிடிப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஊரில் தொற்று அருகியிருக்கும்போது சோதித்த 1000 பேரில் 5 பேருக்கே தொற்று என்றால், மெய்யான கோடுகள் 3. பொய்யானவை ஏறக்குறைய 10. அலை வீசும்போது 200 பேருக்குத் தொற்று என்றால் மெய்யானவை 120, பொய்யானவை 8. கிட் மாறவில்லை, சூழல் மாறியதால் கோட்டின் பொருள் மாறியது. முதல் நிலையில், அதே நாளில் எடுத்த பி.சி.ஆர். ‘இல்லை’ எனில் அதையே பெரிதும் நம்பலாம்.

பல கிட்டுகளில் முடிவை 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். உங்கள் கிட்டின் துண்டுத்தாளில் குறித்த நேரம் கடந்த பின், ஒரு மணி நேரம் மேசையில் கிடந்த கிட்டில் தோன்றும் கோடு கணக்கில் சேராது.

எங்களிடம் வரும்போது ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வாருங்கள்: நோய்க்குறி தொடங்கிய நாள், கிட் பார்த்த நாளும் நேரமும், பி.சி.ஆர். மாதிரி கொடுத்த நாள், வீட்டில் எதிர்ப்பாற்றல் குன்றியவர் எவரேனும் உள்ளனரா என்பது. இரண்டு முடிவுகளும் முரண்படும்போது மருத்துவர் முதலில் கேட்பவை இவையே.